பிரதேச செயலாளருக்கு எழுதும் கடிதத்தில் ‘நாம்’ எங்கே, ‘நாங்கள்’ எங்கே?

“சேர், எங்கட கடற்றொழிலாளர் சங்கத்துக்கு இந்த வருசம் என்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். இறங்குதுறைக்குப் போகும் ஒழுங்கையைத் திருத்தித் தரச் சொல்லிப் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் ‘நமது சங்கம்’ என்று எழுத, தலைவர் அதை வெட்டி ‘எமது’ என்று போட்டார். பொருளாளர் ‘எங்கள்’ என்றுதான் வர வேண்டும் என்கிறார். மூன்றும் ஒன்றுதானே? எதை எங்கே போடுவது?”

தம்பி, சொல் மூன்று இருந்தாலும் பொருள் இரண்டுதான். தலைவரும் பொருளாளரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்; நீங்கள் மட்டும் மறுபக்கம். ‘எமது’, ‘எங்கள்’ இரண்டும் கடிதத்தை வாசிக்கிறவரை வெளியே நிறுத்திச் சொல்வது. ‘நமது’ அவரையும் உள்ளே சேர்த்துக்கொள்வது. பிரதேச செயலாளர் உங்கள் சங்கத்தில் சந்தா கட்டுகிறவர் இல்லையே! ஆகவே அந்த இடத்தில் ‘நமது’ பிழை. மற்ற இருவரும் சொன்னது சரி.

ஆனால் உங்கள் கடிதத்தை முழுவதும் வாசித்தேன். அதில் இந்த ஓர் இடம் மட்டும்தான் பிழை என்று சொல்ல முடியாது. ‘நாங்கள்’ என்று எழுதியிருக்கிற ஓர் இடத்தில் உண்மையில் ‘நாம்’ வர வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான இடம். அதற்கு வருகிறேன். அதற்கு முன், எங்களுக்கு ஏன் இது தடுக்குகிறது என்பதைச் சொல்லிவிட்டால் மிச்சம் இலகுவாக விளங்கும்.

‘நான்’ என்பதற்குப் பன்மை என்று நினைத்துத்தான் எல்லோரும் ‘நாம்’, ‘நாங்கள்’ என்கிறோம். ஆனால் நான் என்பவர் ஒருவர்தான். பத்து ‘நான்’ சேர்ந்து ஒரு ‘நாம்’ ஆவதில்லை. நானும் வேறு யாரோ சிலரும் சேருவதுதான் தன்மைப் பன்மை. அப்படிச் சேருகிற ஆள் யார் என்பதைத் தமிழ் கேட்கிறது. என் முன்னால் இருக்கிற நீங்கள் சேர்ந்தால் நாம். நீங்கள் சேராமல், அங்கே இருக்கிற என் ஆட்கள் மட்டும் சேர்ந்தால் நாங்கள். பழைய தமிழில் இதே வேலையை நாம், யாம் என்ற இரண்டும் பார்த்தன. அந்தக் காலத்தில் வினைச்சொல்லின் வாலிலும் இந்தப் பிரிவு தெரிந்தது. நன்னூல் இதை நேராகவே சொல்கிறது: அம், ஆம் என்ற விகுதிகள் முன்னிலையாரைத் தன்னோடு கூட்டும், எம், ஏம், ஓம் என்பவை படர்க்கையாரைக் கூட்டும். ‘உண்டனம்’ என்றால் கேட்கிற நீங்களும் சாப்பிட்டீர்கள். ‘உண்டனெம்’ என்றால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்றைய எழுத்தில் ஓம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாம் உண்டோம், நாங்கள் உண்டோம். வினையைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பாரம் முழுவதும் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பெயரின் மேல் வந்து விழுந்துவிட்டது. அந்தப் பெயரையும் விட்டுவிட்டு “விரைவில் தீர்மானிப்போம்” என்று மட்டும் எழுதினால், யார் தீர்மானிப்பது என்று வாசிக்கிறவர் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்வார்.

இதற்கு மேல் எங்கள் பேச்சு வேறு. யாழ்ப்பாணப் பக்கத்துப் பேச்சில் ‘நாம்’ கிட்டத்தட்ட வருவதே இல்லை. “வாங்கோ, நாங்கள் கடற்கரைக்குப் போவம்” என்று முன்னால் நிற்கிறவரையும் சேர்த்தே சொல்வார்கள். யாரும் தப்பாக எடுப்பதில்லை. மட்டக்களப்புப் பக்கம் போனால் ‘நம்மட’ என்பது வாய்நிறைய வரும். திருகோணமலை இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் ‘எங்கட’, அடுத்த வீட்டில் ‘நம்மட’. இரண்டையும் கேட்டு வளர்ந்த காதுக்கு எங்கட, நம்மட என்பது ஊர் வித்தியாசமாகத்தான் படுகிறது. பொருள் வித்தியாசமாகப் படுவதில்லை. எழுத உட்காரும்போது ‘நமது’ கொஞ்சம் பெரிய மனிதத் தோரணையாகத் தெரிகிறது, போட்டுவிடுகிறோம். நீங்கள் செய்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். (கன்னடத்தில் இந்தப் பிரிவு பேச்சிலும் எழுத்திலும் மறைந்தே போய்விட்டது. தெலுங்கிலும் மலையாளத்திலும் இருக்கிறது. ஆகவே எங்கள் பேச்சில் மங்கினால் அது பெரிய அதிசயம் இல்லை. எழுத்தில் மங்கக்கூடாது என்பதுதான் என் பிடிவாதம்.)

கந்தோர்த் தமிழ் இன்னொரு காரணம். இங்கே கந்தோர்களிலிருந்து வருகிற சுற்றுநிருபங்களில் நிறைய முதலில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டு, பிறகு தமிழாகிறவை. சிங்கள ‘அபி’க்கும் ஆங்கில ‘வீ’க்கும் இந்தப் பிரிவு கிடையாது. மொழிபெயர்க்கிறவர் ஒவ்வோர் இடத்திலும் நின்று, இது நாமா நாங்களா என்று தானே முடிவெடுக்க வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் ‘நாம்’ ஆக்கிவிடுகிறார்கள். அதில் பிறந்ததுதான் “நாம் உங்களுக்கு அறியத்தருகிறோம்” என்ற வாக்கியம். எத்தனை கடதாசியில் பார்த்திருப்பீர்கள்! நாம் என்றால் அதற்குள்ளேயே நீங்களும் இருக்கிறீர்கள். அப்படியிருக்க, நீங்களும் சேர்ந்து உங்களுக்கே எப்படி அறியத்தருவது?

இந்த வாக்கியத்திலிருந்தே நல்ல ஓர் அடையாளம் கிடைக்கிறது. ஒரு வாக்கியத்தில் ‘உங்களை’, ‘தங்களுக்கு’, ‘தங்களிடம்’ என்று வாசகர் செயலைப் பெறுகிற ஆளாக வந்துவிட்டால், செய்கிற பக்கத்தில் அவர் இருக்க முடியாது. அந்த இடத்தில் நாம் வராது, நாங்கள்தான். தங்களிடம் கேட்டுக்கொள்கிறோம், தங்களுக்கு அனுப்பிவைத்தோம், தங்களை அழைக்கிறோம் என்பவற்றுக்குப் பெயரைப் போடாமல் விட்டாலும் குழப்பம் இல்லை. ‘தங்கள்’ என்ற சொல்லே விடயத்தைத் தீர்த்துவிடுகிறது. பெயர் போடுவதானால் நாங்கள் என்று போடுங்கள்.

அந்த அடையாளம் கிடைக்காத இடங்களுக்கு வேறொரு சோதனை இருக்கிறது. சந்தேகமான ‘நாம்’ இருக்கிற இடத்தில் ‘நீங்களும் நாங்களும்’ என்று போட்டு வாசித்துப் பாருங்கள். பொருந்தினால் நாம் சரி. பல்லிளித்தால் நாங்கள். “நீங்களும் நாங்களும் கூடிப் பேசுவோம்” பொருந்துகிறது. “நீங்களும் நாங்களும் கடந்த மாதம் உங்களிடம் மனுக் கொடுத்தோம்” என்பது சிரிப்பாக இருக்கிறது.

காது விழித்திருக்கும்போது இதில் யாரும் பிழை விடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். கோவிலில் மூலஸ்தானத்தைப் பார்த்து நிற்கிறவர் “எங்களைக் காப்பாற்றப்பா” என்றுதான் கும்பிடுவார். “நம்மைக் காப்பாற்று” என்று வராது, காப்பாற்றுகிறவர் அந்தக் கூட்டத்தில் இல்லையே. தேவாலயத்திலும் செபத்தில் கடவுளை ‘எங்கள் தந்தையே’ என்று கூப்பிடுகிறார்கள். அதே குருவானவர் திரும்பி மக்களைப் பார்த்துப் பிரசங்கம் செய்யும்போது ‘நம் ஆண்டவர்’ என்பார். பேசுகிறவர் ஒருவர்தான், பேசப்படுகிறவரும் ஒருவர்தான். முகம் திரும்பிய திசை மட்டும் மாறியிருக்கிறது.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் முக்கியமான பகுதி இது:

“நமது சங்கம் 64 அங்கத்தவர்களைக் கொண்டது. நமது ஒழுங்கை தொடர்பாக நாம் கடந்த மாதம் கையளித்த மனுவுக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை. மாரிக்கு முன் நாம் இதைத் திருத்தாவிட்டால் பெரும் பாதிப்பு ஏற்படும். எனவே நாங்கள் அனைவரும் கூடி இதற்கு ஒரு முடிவு காண்போம்.”

முதல் ‘நமது’ பற்றிச் சொல்லிவிட்டேன். மனுவைப் பற்றிய ‘நாம்’ அதே வகைப் பிழை. மனுவை வாங்கியவரே அவர்தான், கொடுத்தவர்களோடு அவரைச் சேர்க்க முடியாது. இரண்டும் ‘நாங்கள்’ பக்கம்.

‘நமது ஒழுங்கை’ கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம். பிரதேச செயலாளர் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர். ஒரு வகையில் அந்த ஒழுங்கை அவருடையதும்தான். அப்படியானால் நமது என்று எழுதலாமே என்று நீங்கள் வாதாடலாம். எழுதலாம், ஆனால் இந்த வாக்கியத்தில் வேண்டாம். இந்த வாக்கியம் உங்கள் கஷ்டத்தைச் சொல்கிறது. சேற்றில் கால் புதைய மீன்பெட்டி தூக்குகிறவர்கள் நீங்கள், அவர் இல்லை. கஷ்டத்தைச் சொல்லும் இடத்தில் அவரையும் சேர்த்தால் உங்கள் கஷ்டம் பாதியாகிவிடும். ‘எங்கள் கிராமத்து ஒழுங்கை’ என்று எழுதுங்கள். ‘நமது பிரதேசத்தின் மீன்பிடித் தொழில்’ என்று வேறோர் இடத்தில் எழுத வேண்டி வந்தால் அங்கே நமது சரியாக உட்காரும். பிரதேசம் என்று வரும்போது அவருக்கும் உங்களுக்கும் பங்கு உண்டு, அந்தப் பங்கை அவருக்கு நினைவூட்டுவதிலும் தப்பில்லை. ஆக, பொருள் யாருக்குச் சொந்தம் என்பதைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாது. அந்த வாக்கியத்தில் வாசகரை உங்கள் பக்கத்தில் நிறுத்துகிறீர்களா, உங்கள் எதிரில் நிறுத்துகிறீர்களா என்பதுதான் கேள்வி.

அடுத்தது “நாம் இதைத் திருத்தாவிட்டால்” என்ற இடம். இலக்கணப்படி இதில் பிழை சொல்ல முடியாது. நீங்களும் அவரும் சேர்ந்து திருத்துவது என்று பொருள் கொள்ளலாம். ஆனால் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. செய்ய வேண்டியவர் அவர் மட்டும்தான். அப்படியிருக்கும்போது ‘நாம் திருத்தாவிட்டால்’ என்பது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் “நாம் வீட்டுப்பாடம் செய்யவில்லையோ?” என்று பையனைக் கேட்பது போல ஒலிக்கும். (நானும் அப்படிக் கேட்ட வாத்தியார்தான், அந்த ‘நாம்’ எவ்வளவு குத்தும் என்று எனக்குத் தெரியும்.) மேலதிகாரிக்கு அந்தத் தொனி வேண்டாம். நீங்கள் பேச்சோடு சொன்னீர்கள், கிரவல் மண் தந்தால் ஆட்கள் இறங்கிச் சிரமதானமாகப் பரவிவிடுவோம் என்று. அதை ஏன் எழுதவில்லை? யார் தருவது, யார் செய்வது என்று பிரித்து எழுதிவிட்டால் ‘நாம்’ தேவையே இல்லாமல் போய்விடும்.

இப்போது அந்த ஆபத்தான இடம். “நாங்கள் அனைவரும் கூடி இதற்கு ஒரு முடிவு காண்போம்.” நீங்கள் நினைத்தது, பிரதேச செயலாளரும் சங்கமும் ஒருநாள் இருந்து பேசித் தீர்ப்பது. வாயால் சொல்லியிருந்தால் அப்படித்தான் விளங்கியிருக்கும், எங்கள் பேச்சில் ‘நாங்கள்’ அதற்கும் வரும். கடதாசியில் அப்படி விளங்காது. வாசிக்கிறவர் தன்னை விட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்: ‘பதில் வரவில்லை, இனி நாங்கள் எல்லோரும் கூடி ஒரு முடிவு பார்க்கிறோம்.’ அதாவது வீதியில் இறங்கப் போகிறார்கள்! நீங்கள் கைகுலுக்க நீட்டிய கை, அவர் கண்ணுக்கு ஓங்கிய கையாகத் தெரியும். ‘நமது சங்கம்’ என்ற பிழையை யாரும் சிரித்துவிட்டுப் போவார்கள். இந்தப் பிழை காரியத்தைக் கெடுத்துவிடும். இங்கே ‘நாம்’ கட்டாயம்.

நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

“எங்கள் சங்கத்தில் 64 அங்கத்தவர்கள் உள்ளனர். எங்கள் கிராமத்திலிருந்து இறங்குதுறைக்குச் செல்லும் ஒழுங்கை தொடர்பாக நாங்கள் கடந்த மாதம் கையளித்த மனுவுக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை. மீன் ஏற்றும் வாகனங்கள் உள்ளே வர முடியாததால், அங்கத்தவர்கள் மீன்பெட்டிகளைப் பிரதான வீதிவரை தூக்கிவருகின்றனர். செயலகம் கிரவல் மண் தந்துதவினால், அதைப் பரவும் வேலையை நாங்கள் சிரமதானமாகச் செய்து முடிப்போம். மாரி தொடங்குமுன் இதுபற்றி நாம் கூடிப் பேசுவதற்கு ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

முழுக் கடிதத்திலும் ‘நாம்’ ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அதனால்தான் அதற்குப் பெறுமதி. எல்லா இடத்திலும் நாம், நமது என்று தெளித்துவிட்டிருந்தால் கடைசி வாக்கியத்தில் அவரை உள்ளே அழைப்பது தெரிந்தே இருக்காது. ஒரே கடிதத்தில் நாங்களும் நாமும் கலந்து வரலாமா என்று உங்கள் தலைவர் கேட்பார். வரலாம். ஆள்கூட்டம் மாறுகிற இடத்தில் சொல்லும் மாறத்தான் வேண்டும். ஆள் மாறாமல் சொல் மட்டும் மாறினால்தான் பிழை. “நாங்கள் நமது கோரிக்கையை முன்வைத்தோம்” என்று ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு கூட்டத்தைக் கூப்பிடக்கூடாது. முன்வைத்தவர்கள் நாங்கள் என்றால் கோரிக்கையும் எங்களுடையதுதான்.

தலைவரின் ‘எமது’ பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அவர் கோபித்துக்கொள்வார். ‘நாம்’ உருபு ஏற்கும்போது நம் ஆகிறது: நம்மை, நமக்கு, நமது. ‘நாங்கள்’ எங்கள் ஆகிறது: எங்களை, எங்களுக்கு, எங்களது. எம்மை, எமக்கு, எமது என்பவை பழைய ‘யாம்’ என்பதன் பிள்ளைகள். யாம் செத்துப்போய்விட்டது, மடாதிபதிகளும் நாடகத்து ராசாக்களும் தவிர யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன, அதுவும் இலங்கைத் தமிழில் நன்றாகக் கொழுத்து இருக்கின்றன. கடிதம், அறிக்கை, கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல் எல்லாவற்றிலும் எமது, எமக்கு. தாய் இல்லாத பிள்ளைகள் ஆகிவிட்டதால் யார் வீட்டிலும் போய்ச் சாப்பிடுகின்றன: “நாம் எமது உரிமைக்காக” என்றும் எழுதுகிறார்கள், “நாங்கள் எமது கடமையை” என்றும் எழுதுகிறார்கள். மேடையில் தன் முன்னால் இருக்கிற சனத்தைப் பார்த்தே ‘எமது மக்கள்’ என்பதும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

என் தீர்ப்பு இது. யாம் என்பது வாசகரைச் சேர்க்காத சொல். ஆகவே எமது, எமக்கு, எம்மால் என்பவற்றை ‘நாங்கள்’ வீட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். “நாங்கள் எம்மால் இயன்றதைச் செய்வோம்” நன்றாக இருக்கிறது, எங்களால் என்பதைவிடச் சுருக்கமும்கூட. நாம் என்று தொடங்கிய வாக்கியத்தில் நமது, நமக்கு என்றே முடியுங்கள். ‘நாம் எமது’ என்று எழுதுகிறவர்களை இலங்கையில் யாரும் பிழை பிடிக்கப்போவதில்லை, அவ்வளவு பரவிவிட்டது. ஆனால் நாம், நாங்கள் என்ற வித்தியாசம் காரியமாகிற கடிதத்தில் அது வாசகரை ஒரு கணம் தடுமாற வைக்கும். உங்கள் கடிதத்தில் ‘எமது சங்கம்’ என்று தலைவர் விரும்பினால் அப்படியே விடுங்கள், பொருள் கெடாது. எனக்கு ‘எங்கள்’ பிடிக்கும், ஏனென்றால் அது பேசுகிற சொல். அது வெறும் ருசி.

வெளிக்கடிதத்தோடு உங்கள் வேலை முடியாது. அங்கத்தவர்களுக்கு அறிவித்தலும் நீங்கள்தான் எழுதப் போகிறீர்கள். அங்கே முகம் திரும்பிவிடும். இப்போது வாசகர் அங்கத்தவர். “ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு நாங்கள் சிரமதானம் செய்யவுள்ளோம்” என்று ஒட்டினால், நிர்வாகக் குழு ஏதோ செய்யப்போகிறது என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அங்கே ‘நாம்’ என்று எழுத வேண்டும். நமது சங்கம், நமது ஒழுங்கை. முன்பு பிழை என்று வெட்டியதெல்லாம் இங்கே சரியாகிவிடும்.

ஆனால் இந்தப் பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. அதில் நான் விழுந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு வாசிகசாலையின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். குழுவில் இருந்த ஏழு பேரும் ஒருநாள் பின்னேரம் கூடிச் சந்தாவை இரட்டிப்பாக்கினோம். அறிவித்தல் எழுதும் பொறுப்பு என்னுடையது. ‘நாங்கள்’ என்று எழுதினால் அதிகாரத் தொனியாக இருக்குமே என்று, தமிழ் வாத்தியார் புத்தியோடு, “சந்தாவை உயர்த்துவதென நாம் தீர்மானித்துள்ளோம்” என்று எழுதி ஒட்டினேன். அடுத்த நாள் ஒரு வயதான அங்கத்தவர் அறிவித்தலுக்கு முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டார். “மாஸ்டர், இந்த நாமுக்குள்ள நான் இருக்கிறனா?” ஓம் என்றேன். “எப்ப தீர்மானிச்சனான்? எனக்கே தெரியாதே.” என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பணிவு என்று நினைத்துப் போட்ட ‘நாம்’, அவர் செய்யாத தீர்மானத்தை அவர் தலையில் கட்டிவிட்டது. ‘நாங்கள்’ என்று எழுதியிருந்தால் குறைந்தது உண்மையாகவாவது இருந்திருக்கும்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். தீர்மானம் என்று வந்தால் எடுத்தவர் பெயரையே எழுதுவேன். பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர்கள் கைதூக்கி எடுத்த முடிவானால் “பொதுக்கூட்டத்தில் நாம் எடுத்த தீர்மானத்தின்படி” என்று தைரியமாக எழுதலாம். வராதவர்களும் அங்கத்தவர்கள்தான், அழைப்புப் போயிருக்கிறது. குழுவுக்குள் எடுத்ததானால் “நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது”. “தீர்மானிக்கப்பட்டுள்ளது” என்று ஆளே இல்லாமல் எழுதுவது கந்தோர் வழக்கம். கூட்டறிக்கையில் அது போகும், ஏனென்றால் கூட்டறிக்கையின் தலைப்பிலேயே யார் கூடினார்கள் என்று இருக்கிறது. அறிவித்தலில் அப்படி எழுதினால் ஒளிந்துகொள்வது போல இருக்கும்.

ஒரே கடதாசியை இரண்டு கூட்டமும் வாசிக்குமானால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரம் கேட்பீர்கள். சந்தியில் கட்டுகிற பதாகை, கடைகளுக்குக் கொடுக்கிற துண்டுப்பிரசுரம் இப்படியானவை. அங்கத்தவரும் வாசிப்பார், வெளியாளும் வாசிப்பார். அங்கே நாமும் வேண்டாம், நாங்களும் வேண்டாம். சங்கத்தின் பெயரை எழுதிவிடுங்கள். வினையும் ‘அழைக்கிறது’ என்று முடியும். கடிதத்துக்குப் பிரதி போடுவது வேறு விடயம். கீழே பிரதி என்று போட்டு, கடற்றொழில் திணைக்களத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அனுப்புவீர்கள். அவர்களும் வாசிப்பார்களே என்று நினைத்து உள்ளே எதையும் மாற்ற வேண்டியதில்லை. கடிதம் யாரை விளித்துத் தொடங்குகிறதோ அவருடைய கண்ணால் மட்டும் பாருங்கள். அதனால்தான் ‘நாம் கூடிப் பேசுவதற்கு’ என்ற இடத்தில் திணைக்கள அதிகாரியும் வர வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், நாம் என்ற சொல் அவரை அழைக்காது. “தாங்களும் கடற்றொழில் திணைக்கள அதிகாரியும் எங்கள் சங்கமும் கூடிப் பேசுவதற்கு” என்று ஆட்களைச் சொல்லியே எழுத வேண்டும். அப்படித்தான் எழுதப் போகிறீர்களானால் கடிதம் அனுப்புமுன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள், கடைசி வாக்கியம் நீண்டுவிடும், அதை இரண்டாக உடைக்க வேண்டி வரும்.